ஐம்பது பவுணும் பினோவின் பிள்ளையும்

வைன் பிரியர் ஒருவருக்கு வைன் வாங்கிக் கொடுப்பது, நன்றாகச் சமைக்கிறவர் வீட்டுக்குக் கறி சமைத்துக் கொண்டுபோவது மாதிரி. போத்தலைக் கையில் வாங்கியதும் அவர் லேபலைத்தான் பார்ப்பார். எந்த ஊர், எந்தத் தோட்டக்காரர், எந்த ஆண்டு, கிட்டத்தட்ட என்ன விலை என்பதெல்லாம் ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிடும். நன்றி சொல்லிச் சிரிப்பதற்கு முன் அவர் முகத்தில் வந்து போவது என்ன என்பதில்தான் கொடுத்தவருடைய மனம் நிற்கும்.

லண்டனில் என் நெருங்கிய நண்பர் ஒருவருக்குப் போன வருடம் ஐம்பது வயது நிறைந்தது. பதினைந்து வருடங்களாக வைன் என்றால் அவருக்கு உயிர். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியைச் சப்பாத்துகளிடமிருந்து பறித்துத் தட்டுகள் போட்டுப் போத்தல்களைப் படுக்க வைத்திருக்கிறார். எங்கள் கூட்டத்தில் பிறந்தநாள் பரிசுக்கு 50 பவுணுக்கு மேல் போகக் கூடாது என்று நெடுநாளாகவே பேச்சு. ஒருவர் கூட்டிக் கொடுத்தால் அடுத்தவரும் கூட்டிக் கொடுக்க வேண்டிவரும், பிறகு அது மொய்க் கணக்காகிவிடும். ஆகவே 50 பவுண் என்றால் 50 பவுண்தான்.

இதற்கு எட்டு வருடங்களுக்கு முன் இதே நண்பருக்கு நான் ஒரு வைன் வாங்கிக் கொடுத்தேன். பெரிய கடை ஒன்றில் விலைக் குறைப்பில் இருந்த போத்தல், அழகான மரப் பெட்டி, லேபலில் ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்ற பெயர். பர்கண்டியிலேயே பெரும்புகழ் பெற்ற பெயர்களில் ஒன்று அது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிரவே அவர் அதைத் திறந்தார். மணம் எழும்பவில்லை. வாயில் வைத்தால் தண்ணீர்த் தன்மையும் புளிப்பும்தான். “நல்லா இருக்கு மச்சான்” என்றார். அடுத்த முறை தன் கிளாசை வேறொரு போத்தலிலிருந்து நிரப்பிக்கொண்டார். அதில் எங்கே தவறு நடந்தது என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான விஷயங்களை எனக்குக் கற்றுத் தந்தது.

முதல் வேலை நண்பர் என்ன குடிக்கிறார் என்று பார்ப்பது. கேட்டால் “எதுவானாலும் சரி” என்பார். அதனால் கேட்காமல் பார்க்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போகும்போது குசினி மூலையில் கண்ணாடிக் குப்பைக்காக வைத்திருக்கும் வெறும் போத்தல்களைப் பாருங்கள். வாசிக்கக்கூடத் தேவையில்லை, வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கழுத்துக்குக் கீழே சட்டை போட்ட ஆளைப் போல நேரான தோள் இருந்தால் அது போர்தோ வகைப் போத்தல். உள்ளே பெரும்பாலும் கபெர்னே, மெர்லோ போன்ற கனத்த சிவப்பு வைன். தோளே இல்லாமல் கழுத்திலிருந்து வயிறு வரை சரிந்து இறங்கினால் அது பர்கண்டி வகை. சிவப்பானால் பினோ நுவார் போன்ற மென்மையானது, வெள்ளையானால் பெரும்பாலும் ஷார்தொனே. ஒல்லியாக, நெட்டையாக, புல்லாங்குழல் போல நின்றால் ஜெர்மனி அல்லது அல்சாஸ் பக்கத்து ரீஸ்லிங்காக இருக்கலாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பத்துப் போத்தலில் ஏழு ஒரே வடிவமாக இருந்தால் அவருடைய நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு ஓசைப்படாமல் இரண்டு மூன்று லேபல்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படங்கள் உங்களுக்குப் பதிலாகப் பேசும்.

என் நண்பரின் வெறும் போத்தல்கள் கிட்டத்தட்ட எல்லாமே தோள் சரிந்தவை. சிவப்பு, பர்கண்டி, பினோ நுவார். இங்கேதான் 50 பவுண் சிக்கலாகிறது.

பர்கண்டி வைன்களுக்கு நான்கு படிகள் உண்டு. கீழ்ப்படியில் வெறும் ‘பூர்கோஞ்’ என்ற பிரதேசப் பெயரோடு வருபவை. மொத்த விளைச்சலில் சுமார் பாதி அதுதான். அதற்கு மேல் ஊர்ப் பெயர் தாங்கியவை. அதற்கு மேல் ‘பிரெமியே க்ரூ’ என்னும் குறிப்பிட்ட நல்ல தோட்டங்கள், இவை பத்தில் ஒரு பங்கு அளவுதான். உச்சியில் ‘கிரான் க்ரூ’. அது நூற்றில் ஒன்று இரண்டுக்கு மேல் வராது. ஒரே மலைச்சரிவில், ஒரே திராட்சையில், சில நூறு மீட்டர் இடைவெளியில் இந்த வேறுபாடுகள் எல்லாம் நடக்கின்றன. சரிவின் நடுவில் சுண்ணாம்புக்கல் நிலம், நல்ல வடிகால், காலை வெயில். அடிவாரத்தில் மண் கனத்து ஈரம் தேங்கும்.

ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் எல்லைக்குள் இருக்கும் பெரும்புகழ் பெற்ற ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் வேறு பல ஊர்களும் இதையே செய்தன. அதனால் ‘ஷாம்பெர்தான்’ என்றால் கிரான் க்ரூ. ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தான்’ என்றால் ஊர் வைன். ஊர் வைனிலும் நல்லது நிறைய உண்டு. ஆனால் அந்த ஊரின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சமவெளி நிலத்தின் ஒரு பகுதிக்கும் இருக்கிறது. யார் யாரிடமோ வாங்கிச் சேர்த்து மலிவாக அடைத்த போத்தலிலும் அதே பெரிய பெயர்தான் இருக்கும். நான் வாங்கியது அந்த மாதிரி ஒன்று. நண்பருக்கு அது லேபலைப் பார்த்த மாத்திரத்திலேயே விளங்கியிருக்க வேண்டும்.

பர்கண்டியின் விலை ஏன் இப்படி ஏறியது என்பதற்கு நிலத்தைப் பார்த்தாலே போதும். பிரான்ஸின் சொத்துரிமைச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. நம் ஊர்ப் பூர்வீகக் காணி போலவே தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிந்தன. குளோ து வூஜோ என்ற கிரான் க்ரூ தோட்டம் மொத்தமே ஐம்பது ஹெக்டேர்தான், உடைமையாளர்களோ எண்பது பேர் அளவில். ஒவ்வொருவருக்கும் சில வரிசைக் கொடிகள். அதை வாங்க உலகம் முழுக்க ஆள் நிற்கிறது. உறைபனி விழுந்த 2021 போன்ற ஆண்டுகளில் விளைச்சலும் சுருங்கிவிடும். இன்று லண்டனில் நல்ல கைக்காரர் ஒருவரின் பேர்பெற்ற ஊர் வைன் 50 பவுணைத் தாண்டித்தான் தொடங்குகிறது. 50க்குள் கிடைப்பது பெரும்பாலும் கீழ்ப்படி அல்லது அதிகம் அறியப்படாத ஊர்கள். மெர்க்கூரே, ஜிவ்ரி, மர்சானே போன்ற ஊர்களில் தேடினால் நல்ல போத்தல் கிடைக்கும், அதுவும் நியாயமான தெரிவுதான். ஆனால் என் நண்பர் அவற்றை ஏற்கெனவே வாங்கிக் குடிக்கிறார். நான் படம் எடுத்த மூன்றில் ஒன்று மெர்க்கூரே.

தொகை கட்டிப்போட்டிருக்கும்போது நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: அவருக்குப் பிடித்த பெரிய வீட்டின் கீழ்ப்படியில் நிற்பதை வாங்காமல், அந்த வீட்டுக்கு உறவான சின்ன வீட்டின் மேல்படியில் இருப்பதை வாங்குவது. அதே 50 பவுண் ஒரு இடத்தில் சாதாரணத்தை வாங்கும், இன்னொரு இடத்தில் அந்த ஊரின் மிகச் சிறந்ததற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பினோ நுவாருக்கு அந்த உறவு வீடு எது என்று பார்த்தால், பர்கண்டிக்கு நேர் தெற்கே ஒட்டிக்கொண்டு கிடக்கிற போஜொலே.

உறவு என்று சொன்னது பேச்சுக்கல்ல. போஜொலேயின் சிவப்புத் திராட்சை கமே. 1999இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கமேயும் ஷார்தொனேயும் இன்னும் பல பழைய வகைகளும் பினோவுக்கும் கூவே என்ற பழைய வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தவை என்று காட்டியது. அதாவது கமே பினோவின் சொந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் 1395இல் பர்கண்டியின் கோமகன் பிலிப் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அது மலிவாக, ஏராளமாகக் காய்த்துப் பினோவின் பெயரைக் கெடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. வடக்கே சுண்ணாம்பு நிலத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் ஊன்றிக்கொண்டது. அந்த மண்ணில்தான் அதன் வைன் ஆழமும் நறுமணமும் பெறுகிறது.

இவ்வளவு நல்ல வைன் ஏன் இன்னும் விலை ஏறாமல் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அதன் தம்பி. ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது வியாழக்கிழமை ‘போஜொலே நுவோ’ என்று புது வைன் உலகமெங்கும் வரும். பறித்துச் சில வாரங்களே ஆன வைன் அது. பழங்களை மிதிக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் போட்டு நாலைந்து நாளில் சாறு இறக்கி அவசரமாகப் போத்தலில் அடைப்பார்கள். வாழைப்பழ மணமும் இனிப்பு மிட்டாய் மணமும் அடிக்கும். எண்பதுகளில் அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. பிறகு சலித்துப்போனது. அந்தச் சலிப்பு போஜொலே என்ற சொல்லோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. வடக்குப் பகுதியில் மேட்டு நிலத்தில் இருக்கும் பத்துத் தனி ஊர்வட்டங்களின் வைனுக்கும் அந்தப் புது வைனுக்கும் சம்பந்தமே இல்லை. மோர்கோன், மூலான்-அ-வான், ஃப்ளூரி, கோட் து ப்ரூயி போன்ற இவற்றைப் போஜொலேயின் ‘க்ரூ’கள் என்பார்கள். இவற்றின் லேபலில் பெரும்பாலும் போஜொலே என்ற சொல்லே இருக்காது, ஊர்ப் பெயர் மட்டும் நிற்கும். விவரம் தெரியாதவர் கையில் எடுக்காமல் கடந்துபோவார். வைன் பிரியர் நின்று பார்ப்பார்.

இந்தப் பத்தில் மோர்கோனை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சுவைப்பு நிகழ்வில், லேபலை மூடி வைத்துவிட்டு ஒரு சிவப்பு வைனை ஊற்றினார்கள். காய்ந்த செர்ரி, ஈர மண், இலைச்சருகு மணம். நானும் என் பக்கத்தில் இருந்தவர்களும் பர்கண்டி என்றோம். துணியை எடுத்தபோது அது பத்து வயதான மோர்கோன். பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது. கமே முதிர்ந்து பினோவைப் போல் ஆவதைப் ‘பினோத்தே’ என்பார்கள், பினோவாகிறது என்று பொருள். மோர்கோன் தனக்கே உரிய முறையில் முதிர்வதற்கு ‘மோர்கொன்னே’ என்று தனிச்சொல்லே உண்டு. வயதாக ஆகப் பிள்ளையின் முகத்தில் தகப்பனின் சாயல் தெரிவது நாம் எல்லோரும் வீட்டில் கண்டதுதான். பர்கண்டிப் பிரியர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வைன் எனக்குத் தெரியாது.

அடுத்தது கடை. பெரிய அங்காடிகளில் மோர்கோன் இருக்கும், ஆனால் பேச ஆள் இருக்காது. தனியாக வைன் மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே சொல்ல வேண்டியதை நாலே வரியில் சொல்லிவிட்டேன்: நண்பருக்குப் பரிசு, அவர் குடிப்பது இவை என்று மூன்று படங்கள், என்னிடம் இருப்பது 50 பவுண், எனக்கு மோர்கோன் வேண்டும். தொகையை மறைக்கக் கூடாது. “ஏதாவது நல்லதாக” என்று கேட்டால் கடைக்காரர் தன் ஊகத்தில் எடுத்துத் தருவார். தொகையும் படமும் முன்னால் இருந்தால் அவருக்கும் வேலை எளிது, நமக்கும் நல்லது. அவர் மோர்கோனுக்குள்ளேயே கோட் து பீ என்ற மேட்டைச் சொன்னார். பழைய எரிமலைப் பாறையும் நீலம் பாய்ந்த கல்லும் நொறுங்கிக் கிடக்கும் குன்று அது. மோர்கோனில் மிக உறுதியான, நெடுநாள் நிற்கும் வைன் அங்கிருந்துதான் வருகிறது. தன் தோட்டத்தில் தானே விளைவித்துத் தானே போத்தலில் அடைக்கும் ஒரு குடும்பத்தின் வைனை எடுத்து வைத்தார். லேபலின் அடியில் சின்ன எழுத்தில் ‘தொமேனில் போத்தலில் அடைக்கப்பட்டது’ என்ற பொருளில் பிரெஞ்சு வரி இருந்தது. இந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது, கண்டவரிடமும் வாங்கிக் கலந்த சரக்கு அல்ல என்பதற்கு அதுவே அடையாளம். அதே லேபலில் ‘பழங்கொடிகள்’ என்று பெரிதாக எழுதியிருந்தால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கொடிக்கு எத்தனை வயதானால் பழங்கொடி என்பதற்குப் பிரான்ஸில் சட்ட வரையறை ஏதும் கிடையாது.

அவரிடம் அதே வைன் இரண்டு ஆண்டுகளில் இருந்தது. 2021 போத்தல் 24 பவுண், 2020 போத்தல் 25 பவுண். இங்கே நான் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். 2020 வெயில் ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து வைன் கனமாக வந்திருக்கிறது. லேபலில் மதுவளவு 14 விழுக்காடு. இப்போது திறந்தால் பழச்சுவை முன்னுக்கு நிற்கும், ஏழெட்டு வருடம் படுக்க வைத்தால் பினோ பக்கம் திரும்பும். 2021 அதற்கு நேர் எதிர். வசந்தத்தில் உறைபனி, பிறகு மழை, குளிர்ந்த கோடை. 12.5 விழுக்காடு, மெல்லிய உடம்பு, துலக்கமான புளிப்பு, நெடுநாள் வைக்கத் தேவையில்லை. ஒன்றை எடுப்பதா, ஒரே ஆண்டில் இரண்டு எடுப்பதா? கடைசியில் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தேன். அதே ஆள், அதே குன்று, அதே திராட்சை, வானம் மட்டும் வேறு. வைனை நேசிக்கும் ஒருவருக்கு இந்த ஒப்பீடே பெரிய இன்பம். ஒன்று அன்றைய சாப்பாட்டுக்கு, மற்றது அலுமாரிக்கு. மொத்தம் 49 பவுண்.

“அப்படியானால் எட்டு பவுண் போத்தலாக ஆறு கொடுக்கலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியாவில் ஒரு போத்தல் வைனின் மதுவரி அதில் உள்ள மதுவின் அளவைப் பொறுத்தது, விலையைப் பொறுத்ததல்ல. 13 விழுக்காடு வைனுக்கு ஏறத்தாழ 3 பவுண். எட்டு பவுண் போத்தலில் அந்த 3 போக, விற்பனை வரியாக 1.33 போகும். மிச்சம் 3.67 பவுணுக்குள் கண்ணாடி, தக்கை, கப்பல், கடையின் இலாபம், வைன் எல்லாம் அடங்க வேண்டும். 24 பவுண் போத்தலிலும் மதுவரி அதே 3தான். விற்பனை வரி 4. மிச்சம் 17 பவுண். அதனால் எட்டிலிருந்து இருபத்து நாலுக்குப் போகும்போது விலை மூன்று மடங்கு, ஆனால் உள்ளே வைனுக்கும் அதைச் செய்தவருக்கும் போய்ச் சேரும் காசு அதைவிடப் பல மடங்கு கூடும். இதே கணக்கு 60க்கும் 150க்கும் இடையே நடப்பதில்லை. அங்கே கூடுவது பெரும்பாலும் பெயரின் விலை. பரிசுக்கு 20 முதல் 50 பவுண் வரையிலான இடம்தான் காசுக்கு அதிகம் கிடைக்கும் இடம்.

மரப் பெட்டி வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். ஏழு பவுண். வேண்டாம் என்றேன். அந்த ஏழு பவுண் போத்தலுக்குள் இருப்பதுதான் நல்லது. பழுப்புத் தாளில் சுற்றி நூலால் கட்டித் தந்தார், அதுவே அழகாக இருந்தது.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வைன் கழுத்துக்குள் நன்றாக ஏறி நிற்க வேண்டும். சில வருடமே ஆன போத்தலில் மட்டம் தோள்வரை இறங்கியிருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. மூடியுறையின் மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள். தக்கை மேலே தள்ளிக்கொண்டு புடைத்திருந்தாலோ, உறையின் விளிம்பில் பிசுபிசுப்பு இருந்தாலோ அந்தப் போத்தல் எங்கேயோ வெயில் பட்டிருக்கிறது. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். அதன் பழச்சுவை அவித்தது போல மங்கிவிடும். கண்ணாடிச் சன்னலில் அலங்காரமாக நிற்கும் போத்தலை ஒருபோதும் வாங்காதீர்கள், உள் தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு கெடுப்பது நம் முறை. கோடையில் பூட்டிய காருக்குள் ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டால் கடைக்காரர் பத்து மாதம் பார்த்துப் பார்த்து வைத்தது அன்றே போய்விடும்.

இன்னொரு ஆபத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இயற்கைத் தக்கை போட்ட போத்தல்களில் நூறுக்கு இரண்டு மூன்று, தக்கையிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளால் கெட்டிருக்கும். திறந்தால் நனைந்த அட்டைப் பெட்டி மணம் அல்லது பூஞ்சை பிடித்த நிலவறை மணம் அடிக்கும், பழமணம் எதுவும் எழாது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வைன் செத்துவிட்டது. நல்ல கடை எந்தக் கேள்வியும் கேட்காமல் மாற்றித் தரும். ஆனால் பரிசு வாங்கியவர் கொடுத்தவரிடம் “நீ தந்தது கெட்டுப்போச்சு” என்று சொல்லவே மாட்டார். சங்கடப்பட்டு ஊற்றிவிட்டு “நல்லா இருந்தது” என்பார். அதனால் நான் பற்றுச்சீட்டின் நகலை உறையில் போட்டு, தக்கை கெட்டிருந்தால் தயங்காமல் கடையில் மாற்றிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் நண்பரின் வெறும் போத்தல்கள் நேர்த்தோள்காரர்களாக இருந்தால் வழி வேறு, கணக்கு அதேதான். போர்தோப் பிரியருக்கு 50 பவுணில் ஒரு பெரிய ஷாத்தோவின் பெயரைத் துரத்தாமல் லுவார் ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்கே ஷினோன், பூர்கேய், சோமூர்-ஷாம்பினி ஊர்களில் விளைவது கபெர்னே பிரான். இங்கேயும் உறவு இருக்கிறது: போர்தோவின் கபெர்னே சொவிஞோன், மெர்லோ இரண்டுக்கும் ஒரு பெற்றோர் இந்தக் கபெர்னே பிரான்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. அங்கே பினோவின் பிள்ளையைத் தேடினோம், இங்கே கபெர்னேயின் பெற்றோரைத் தேடுகிறோம். ஷினோனின் நல்ல தோட்டக்காரர் ஒருவரின் மிகச் சிறந்த வைனே 50 பவுணுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷம்பேய்ன் பிரியர் என்றால், எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிறுவனத்தின் சாதாரணப் போத்தலை விட்டுவிட்டு, தானே விளைவித்துத் தானே செய்யும் தோட்டக்காரரின் போத்தலைக் கேளுங்கள். லேபலின் ஓரத்தில் மிகச் சின்னதாக ‘ஆர். எம்.’ என்ற இரண்டு எழுத்து இருக்கும். பெரிய வணிக நிறுவனங்களுடையதில் ‘என். எம்.’ என்று இருக்கும்.

பிறந்தநாள் சாப்பாடு வீட்டில்தான். ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், சொதி. உறைப்புச் சாப்பாட்டோடு கனத்த சிவப்பு வைன் போவதில்லை என்பது பலருக்கும் அனுபவம். மிளகாயின் எரிவை மது கூட்டிவிடும். பழத்தோலிலிருந்து வரும் துவர்ப்பு, உறைப்பு பட்ட நாக்கில் கசப்பாக மாறும். கமேயின் தோல் மெல்லியது, துவர்ப்பு குறைவு. 2021இன் மதுவளவும் குறைவு. ஆகவே அன்றைக்குத் திறக்க அதுதான் ஏற்றது. அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, சுமார் 14 பாகை குளிரில் ஊற்றச் சொன்னேன். அறையின் சூட்டில் கமே தொய்ந்துபோகும், கொஞ்சம் குளிர்ந்தால் நிமிர்ந்து நிற்கும்.

நண்பர் தாளைப் பிரித்து இரண்டு லேபல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் ஊர், பிறகு குன்று, பிறகு ஆண்டுகள். ஆண்டுகளில் கண் நின்றது.

“எடேய், இதை எங்கை எடுத்தனி? ரெண்டு வருசமும் வச்சிருக்கிறானா அவன்?”

“கடைசி ரெண்டு போத்தல் மச்சான்.”

2021ஐத் திறந்து ஊற்றினார். சிவப்புப் பழ மணம், கொஞ்சம் மிளகு, பின்னால் கல்லை நனைத்தது போல ஒரு குளிர்ச்சி. கறியோடு ஒரு வாய், வைன் ஒரு வாய். பேசாமல் சாப்பிட்டார். கிளாஸ் முடிந்ததும் வேறு போத்தலைத் தேடவில்லை. அதையே திரும்ப எடுத்து ஊற்றிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தேநீருக்குக் காத்திருந்த நேரம் 2020ஐ எடுத்துக்கொண்டு மாடிப்படி அலுமாரிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மேல் தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. போத்தலை அங்கே வைக்கப் போனவர் கையை மேலே நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்குள்ளாலைதான் சுடுதண்ணிக் குழாய் போகுது.”

கீழ்த் தட்டில் மூன்று மெர்க்கூரேயை நகர்த்தி இடம் செய்தார். லேபல் மேலே தெரியும்படி மோர்கோனைப் படுக்க வைத்தார். நான் கட்டியிருந்த சின்ன அட்டையைப் பென்சிலோடு என்னிடம் நீட்டினார்.

“எப்ப திறக்கிறது எண்டு நீயே எழுது.”

2029 என்று எழுதினேன்.